சம்பளத்தைக் கையில் கொடுக்கலாமா?

கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒருவரின் கேள்வி இது: "கடையில நாலு பேரு. பேங்க்ல போடுங்கன்னு ஆடிட்டர் சொல்றார், பசங்க கையிலதான் வேணும்ங்கறாங்க. கையில குடுத்தா தப்பா? எந்த நோட்டெல்லாம் வைக்கணும்?"

தப்பில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த, 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, காசோலை, வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு ரொக்கத்தையும் அனுமதிக்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் வருவது ரொக்கத்தால் அல்ல, ரொக்கம் போனதற்கு அத்தாட்சி இல்லாததால். வேலையை விட்டுப் போன ஒருவர், "ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி" என்று மூன்று ஆண்டுகளுக்குள் எப்போது வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம். வாங்கவில்லை என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. கொடுத்தேன் என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். சட்டமே அந்தச் சுமையை அவர் தலையில் வைத்திருக்கிறது. வங்கியில் போட்டவருக்கு பாஸ்புக் பேசும். கையில் கொடுத்தவருக்குப் பேச அவருடைய பதிவேட்டை விட்டால் வேறெதுவும் இல்லை.

"அஞ்சு பேருக்குக் கீழே இருந்தா ரெஜிஸ்டரே வேண்டாம்" என்றொரு பேச்சு கடைவீதியில் உலவுகிறது. அந்தச் சலுகை விவசாய வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் வைத்திருப்பவர்களுக்கு, கடைக்கு இல்லை. அவர்களுமே, கேட்டால், சம்பளம் கொடுத்ததற்குச் சான்று காட்டியாக வேண்டும்.

கடைக்காரர் வைத்திருக்க வேண்டியவை, ஆட்களின் விவரம், தினசரி வருகைப் பதிவு, சம்பளப் பதிவேடு. இவை தவிர, ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். சம்பளப் பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு மாதக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

விற்பனையாளர் ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய். 12ஆம் தேதி 3,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். சம்பளமில்லாத லீவு இரண்டு நாள். கடை வழக்கப்படி 30ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 500, பிடித்தம் 1,000. சேர வேண்டிய சம்பளம் 14,000. அதில் அட்வான்ஸ் கழிய, கையில் 11,000. பல கடைகளில் நோட்டில் ஏறுவது இந்தக் கடைசி எண் மட்டும்தான். பிறகு தகராறு வந்தால், 15,000 எப்படி 11,000 ஆனது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. ஒவ்வொரு படியும் தனிக் கட்டத்தில் இருக்கட்டும். 3,000 கொடுத்த அன்றே அதற்குத் தனிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். கல்லாவில் பணம் குறைந்தது என்று பிடிப்பதானால், ஆளிடம் விளக்கம் கேட்ட பிறகே பிடிக்கலாம். அதுவும் பதிவாக வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்திட வேண்டும். அதே தொகை, அதே தேதியில் கடையின் ரொக்கப் புத்தகத்திலும் செலவாக ஏறியிருக்க வேண்டும். பன்னிரண்டு மாதமும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில் விழுந்த கையெழுத்துகள் ஒரே உட்காரலில் வாங்கியவை என்பது விவரம் தெரிந்த ஆய்வாளருக்குப் புரட்டும்போதே தெரிந்துவிடும். இதைவிட மோசம், குறைந்தபட்சக் கூலிக்குச் சரியாக ஒரு தொகையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, குறைத்துக் கொடுப்பது. அது பதிவேடே அல்ல, முதலாளி தனக்கெதிராகத் தானே எழுதி வைக்கும் சாட்சி.

ஆடிட்டர் வங்கி வங்கி என்று சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகையைச் செலவாகக் கழிக்க முடியாது. நம் கணக்கில் 7ஆம் தேதி கொடுத்த 11,000 இதில் மாட்டும். மேலே உள்ள 1,000 மட்டுமல்ல, 11,000 முழுவதுமே லாபத்தில் கூடும். 12ஆம் தேதி கொடுத்த 3,000 வேறு நாள், தப்பித்தது. விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று கணக்கிடும் அனுமான வரித் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரருக்கு இந்த இடி விழாது. செலவைத் தனியாகக் கழிக்கும் பேச்சே அங்கு இல்லை. மற்றவர்கள் 10,000க்கு மேல் போகும் சம்பளத்தை வங்கியிலோ யுபிஐயிலோ அனுப்பிவிடுவது நல்லது. அப்படி அனுப்பினாலும் பதிவேடும் சம்பளச் சீட்டும் வேண்டும். பாஸ்புக்கில் தொகைதான் இருக்கும், பிடித்தக் கணக்கு இருக்காது.

ஆள் வேலையை விட்டு நின்றால் 7ஆம் தேதி வரை இழுக்கக் கூடாது. இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்த்து, எந்த மாதத்துக்கு எவ்வளவு, எந்த அட்வான்ஸ் கழிந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளையும் பழைய பதிவேடுகளோடு குறைந்தது மூன்று ஆண்டுகளாவது பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.