ஒரே ஆழம், வேறு பெற்றோர்

இரும மரத்தில் ஒரு கணுவுக்கு அதிகபட்சம் இரண்டு பிள்ளைகள். வேரிலிருந்து ஒரு கணுவுக்கு எத்தனை படி இறங்குகிறோமோ, அதுவே அதன் ஆழம். இரு கணுக்களுக்கு ஆழம் ஒன்றாகவும் பெற்றோர் வேறாகவும் இருந்தால் அவை கசின்கள். நம் குடும்பங்களைப் போல ஒரே தாத்தா என்ற நிபந்தனை இங்கே இல்லை.

வேர் 1. அதன் பிள்ளைகள் 2, 3. 2-க்கு 4, 5 என இரண்டு. 3-க்கு 6 மட்டும். 5-ம் 6-ம் கசின்களா?

மட்டம் மட்டமாக இறங்குவதே எனக்குப் பிடித்த வழி. ஒரு வரிசையில் கணுவையும் அதன் பெற்றோரையும் சேர்த்தே வைப்போம். முதலில் 1-ஐ எடுத்துவிட்டு 2, 3-ஐச் சேர்க்கிறோம். அவற்றை எடுக்கும்போது 4, 5, 6 வந்து சேர்கின்றன. அடுத்த சுற்றில் 5-ம் 6-ம் கிடைக்கின்றன. பெற்றோர் 2, 3. ஆகவே ஆம். 4-ம் 5-ம் என்றால் பெற்றோர் ஒன்றே, இல்லை. 3-ம் 6-ம் என்றால், ஒரு சுற்று முடியும்போது 3 மட்டுமே கிடைத்திருக்கும். மேலும் இறங்காமலே இல்லை என்று சொல்லிவிடலாம்.

தவறு பெரும்பாலும் சுற்றின் எல்லையில்தான் நேர்கிறது. வரிசையின் நீளத்தைச் சுற்று தொடங்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். இப்படி எழுதினால்:

```
for (i = 0; i < q.length; i++)
```

ஒவ்வொரு முறையும் நீளம் புதிதாகப் பார்க்கப்படும். உள்ளே கணுக்களை எடுத்துச் சேர்க்கும்போது அது மாறும். அதனால் 1, 2, 3 மூன்றும் ஒரே சுற்றில் வெளியேறும். 1-ஐயும் 3-ஐயும் கொடுத்துப் பாருங்கள்: பெற்றோரும் பிள்ளையும் கசின்கள் என்று விடை வந்தால், பிழை இங்கேதான்.