ரிக்கின் பெயர்களும் ஷாட் ஒப்படைப்பும்: ஒரு லீட் அனிமேட்டரின் கடிதம்

முப்பரிமாண அனிமேஷனில் ஒரு பாத்திரத்தின் உடலுக்குள் இருக்கும் எலும்புக்கூட்டையும், அதை அசைக்க வெளியே தெரியும் பிடிகளையும் சேர்த்து ‘ரிக்’ என்பார்கள். அனிமேட்டர் தொடுவது பிடிகளை மட்டுமே. பிடியை நகர்த்தினால் உள்ளே எலும்பு திரும்பும். எலும்போடு தோல் வரும். ஒரு பாத்திரத்துக்கு நூற்றுக்கணக்கில் எலும்புகள் இருப்பது சாதாரணம். அவை ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வேலைக்குப் புதிதாகச் சேருபவருக்கு லீட் அனிமேட்டர் எழுதித் தரும் கடிதம் பெரும்பாலும் இந்தப் பெயர்களில்தான் தொடங்கும். முடித்த ஷாட்டை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் முறையில் முடியும். பிளெண்டர் மென்பொருளில் வேலை நடக்கும் இடத்தை எடுத்துக்கொண்டால், அந்தக் கடிதத்தின் விதிகளும் அவற்றின் காரணங்களும் பின்வருமாறு அமையும்.

முதல் விதி: பெயர் என்பது முகவரி. ஒரு கையை அசைத்துக் கீ வைத்தால், அந்த அசைவை மென்பொருள் இப்படி ஒரு பாதையாகச் சேமிக்கிறது:

```
pose.bones["hand_ik.L"].location
```

மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயர்தான் அசைவுக்கும் எலும்புக்கும் இடையே உள்ள ஒரே தொடர்பு. தோலும் அப்படியே. எந்த எலும்பு எந்தப் பகுதியை இழுக்க வேண்டும் என்பது, அதே பெயருள்ள ‘வெர்டெக்ஸ் குரூப்’ வழியாகத்தான் தீர்மானமாகிறது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் மென்பொருளுக்கு அது வேறு எலும்பு. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்கூட அதற்கு வெவ்வேறு.

இரண்டாவது விதி இடம், வலம் பற்றியது. இடப்பக்க எலும்புப் பெயர் `.L` என்றும், வலப்பக்கம் `.R` என்றும் முடிய வேண்டும். இடது என்பது பார்ப்பவரின் இடது அல்ல, பாத்திரத்தின் இடது. முன்பக்கப் பார்வையில் பாத்திரம் நம்மை நோக்கி நிற்பதால், அதன் இடக்கை திரையின் வலப்புறம் தெரியும். புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது.

பெயரின் வால் இவ்வளவு முக்கியமானது ஏன் என்பதை ஒரு நடை அசைவில் பார்க்கலாம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், இரண்டு எட்டு கொண்ட ஒரு நடைச் சுற்று 24 ஃபிரேமில் முடிவதாக வைத்துக்கொள்வோம். 1-ஆம் ஃபிரேமில் இடக்கால் முன்னே ஊன்றியிருக்கிறது. 13-ஆம் ஃபிரேமில் அதே நிலை, ஆனால் வலக்கால் முன்னே. அதை மறுபடி கையால் அமைக்க வேண்டியதில்லை. 1-ஆம் ஃபிரேமில் எல்லாப் பிடிகளையும் தேர்ந்தெடுத்து `Ctrl+C` அழுத்தி, 13-க்குப் போய் `Ctrl+Shift+V` அழுத்தினால் நிலை கண்ணாடிபோல் புரண்டு அமையும். மென்பொருள் செய்வது இதுதான்: `foot_ik.L` என்ற பெயரின் வாலை மாற்றி `foot_ik.R` என்ற எலும்பைத் தேடுகிறது; கிடைத்தால் இடதின் நிலையை வலதுக்குக் கொடுக்கிறது.

இப்போது ரிக் செய்தவர் வலது பிடிக்கு `Foot_ik.R` என்று பெரிய எழுத்தில் பெயர் வைத்துவிட்டார் என்று கொள்வோம். தேடிய பெயர் கிடைக்காது. எச்சரிக்கையும் வராது. இடுப்பும் கைகளும் புரண்டுவிடும், பாதங்கள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். உடல் ஒரு பக்கமும் கால்கள் இன்னொரு பக்கமுமாக முறுக்கிய நிலை 13-ஆம் ஃபிரேமில் தெரிந்தால், அனிமேட்டர் முதலில் சந்தேகிக்க வேண்டியது பெயரைத்தான். ஜோடி இல்லாத பெயர்களைக் கண்டுபிடிக்க, ரிக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஓட்டக்கூடிய சில வரிகள் போதும்:

```
import bpy
rig = bpy.context.object
names = set(rig.data.bones.keys())
for n in names:
    if bpy.utils.flip_name(n) not in names:
        print(n)
```

முதுகெலும்பு, தலை போன்ற நடு எலும்புகளுக்கு வால் இல்லாததால் அவை இந்தப் பட்டியலில் வராது. பிழையான ஜோடியின் இரண்டு பெயர்களும் வரும்.

மூன்றாவது விதி பெயரின் தலைப்பகுதி பற்றியது. பிளெண்டரோடு வரும் ‘ரிகிஃபை’ என்ற கருவி பழக்கப்படுத்திய முறையைப் பலரும் பின்பற்றுகிறார்கள். தோலை இழுக்கும் எலும்புக்கு முன்னொட்டு `DEF-`. உள்ளே இயந்திரம்போல் வேலை செய்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டியதற்கு `MCH-`. அனிமேட்டர் தொடும் பிடிகளுக்கு முன்னொட்டே கிடையாது. ஆகவே `DEF-` என்றோ `MCH-` என்றோ தொடங்கும் எலும்பில் அனிமேட்டர் கீ வைத்திருந்தால் அது தவறான இடத்தில் வைத்த கீ. `Bone.017` என்று ஒரு பிடி தென்பட்டால், ரிக் செய்தவர் பெயரிட மறந்திருக்கிறார். அதில் அசைவைத் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

முன்பே என்பதற்குக் காரணம் நான்காவது விதி: ஷாட்டுகளுக்குப் போய்விட்ட ரிக்கில் பெயரை மாற்றக் கூடாது. பாத்திரம் ஒரு கோப்பில் இருக்கும். ஒவ்வொரு ஷாட்டும் தனிக் கோப்பாக இருந்து அந்தப் பாத்திரத்தை இணைப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளும். ரிக் கோப்பில் `hand_ik.L` என்பதை `ik_hand.L` என்று மாற்றினால், அந்தக் கோப்புக்குள் இருக்கும் அசைவுகளையும் வெர்டெக்ஸ் குரூப்பையும் மென்பொருளே திருத்திவிடும். வெளியே இருக்கும் ஷாட் கோப்புகளை அது தொடாது. மறுநாள் ஷாட்டைத் திறந்தால் இடக்கை மட்டும் தொடக்க நிலையில் தொங்கும். அசைவு அழிந்துவிடவில்லை, முகவரி தெரியாமல் நிற்கிறது. கிராஃப் எடிட்டரில் அந்த வரிசைகள் சிவப்பு அடிக்கோடுடன் தெரிவது இதற்கு அடையாளம். ரிக்கில் பழைய பெயரைத் திரும்ப வைத்தால் கை உயிர்பெறும். புதிய வசதி தேவையென்றால் புதுப் பெயரில் புதுப் பிடியைச் சேர்க்கலாம். பழையதைத் தொடக் கூடாது.

ஷாட்டை ஒப்படைக்கும்போது கோப்பின் பெயரும் முகவரிதான். `sc04_sh020_anim_v007.blend` என்ற பெயரில் காட்சி, ஷாட், துறை, எத்தனையாவது பதிப்பு என்ற நான்கும் தெரிகின்றன. எண்ணுக்கு முன் பூஜ்யங்கள் வைப்பது, எழுத்து வரிசையில் அடுக்கும்போது 10 என்பது 2-க்கு முன்னால் போய் நிற்காமல் இருக்க. `final_new2` என்ற பெயர் அதை வைத்தவருக்கே ஒரு வாரத்தில் புரியாது.

அடுத்து, வெளிக்கோப்புகளின் பாதை. பாத்திரம் `D:\work\` என்று சொந்தக் கணினியின் முகவரியோடு இணைந்திருந்தால், அடுத்தவர் திறக்கும்போது பாத்திரமே காணாமல் போகும். File பட்டியலில் External Data என்பதற்குள் Make Paths Relative கொடுத்தால் பாதை `//` என்று தொடங்கி, ஷாட் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படும். விண்டோஸில் ஷாட் ஒரு டிரைவிலும் பாத்திரம் வேறு டிரைவிலும் இருந்தால் இது நடக்காது. இரண்டும் ஒரே டிரைவில் இருக்க வேண்டும். அதே இடத்தில் உள்ள Report Missing Files விடுபட்டவற்றைச் சொல்லும். எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனை, கோப்பை வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பார்ப்பது.

துணித் துறைக்குப் போகும் ஷாட்டுக்கு இன்னொரு தேவை உண்டு. பாத்திரம் முதல் ஃபிரேமிலேயே ஓடிக்கொண்டிருந்தால் துணி எங்கிருந்து விழுந்து படிவது? ஷாட் 1001-ஆம் ஃபிரேமில் தொடங்குகிறது என்றால், 951-இல் பாத்திரத்தைக் கை விரித்து நேராக நிற்க வைத்து, 1001-க்குள் முதல் நிலைக்கு மெதுவாகக் கொண்டுவர வேண்டும். எண்ணிக்கையை 1-இல் தொடங்காமல் 1001-இல் தொடங்குவது, முன்னால் இப்படி இடம் இருப்பதற்காகத்தான். இந்த முன்னோட்டம் இல்லாவிட்டால் சட்டை முதல் ஃபிரேமிலேயே உடலுக்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும்.

கடைசியாக, கோப்போடு போகும் குறிப்பு. நல்ல குறிப்பு மூன்று வரியில் அடங்கும்: “1001 முதல் 1096 வரை அசைவு முடிந்தது, முன்னோட்டம் 951 முதல். 1042-இல் இடது முழங்கை சட்டைக்குள் லேசாகப் புகுகிறது, கேமராவில் தெரியாததால் விட்டிருக்கிறேன். கோப்பைக் கையில் பிடித்தபடி வைக்கும் பிடிப்பு 1060-இல் விடுபடுகிறது, அந்தக் கீயை நகர்த்த வேண்டாம்.” முடிந்தது எது, தெரிந்தே விட்டது எது, தொடக் கூடாதது எது என்ற மூன்றும் எழுத்தில் இருந்தால், வாங்குபவர் குறையையும் முடிவையும் பிரித்தறியலாம். தெரிந்தே விட்ட முழங்கையைப் பிழை என்று எண்ணி ஒருவர் அரைநாள் திருத்திக்கொண்டிருக்க மாட்டார்.