இந்தியப் படிவத்தில் உள்ள சொல், இலங்கைப் படிவத்தில் இல்லாதபோது

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து பசறைக்குத் திரும்பும் குடும்பங்களின் கையில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் பாடசாலை மாற்றுச் சான்றிதழும் இருக்கும். அவற்றில் 'சொந்த ஊர்', 'சமூகம்', 'பாதுகாவலர்' என்று எழுதியிருப்பதை அப்படியே இலங்கைப் படிவங்களில் எழுத முற்படுவோர் பலர். ஆனால் இங்குள்ள படிவங்கள் வேறு கேள்விகளைக் கேட்கின்றன. உதாரணத்திற்கு ஒரு குடும்பத்தைப் பார்ப்போம்.

பூட்டனார் முசிறிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். பாட்டனார் 1945இல் பசறைத் தோட்டமொன்றில் பிறந்தார். தந்தையும் அதே தோட்டத்தில் 1972இல் பிறந்தார். 1977 கலவரத்தின் பின் குடும்பம் வவுனியாவுக்குப் போனது. 1990இல் படகில் இராமேஸ்வரம் சென்று, மண்டபம் வழியாக வேறொரு முகாமுக்கு அனுப்பப்பட்டது. மகள் 2006இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் பிறந்தாள்.

சொந்த ஊர்

வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் "நம்ம ஊரு முசிறி" என்பார்கள். முகாம் பதிவில் தந்தை 'வவுனியா' என்று சொல்லியிருக்கிறார், ஏனென்றால் கடைசியாக இருந்த இடம் அது. இரண்டுமே பொய்யல்ல. ஆனால் இலங்கைப் பிறப்புப் பதிவில் 'சொந்த ஊர்' என்ற கூடு இல்லை. 'பிறந்த இடம்' என்று மட்டுமே கேட்கப்படுகிறது. தந்தைக்கு அது பசறைத் தோட்டம், மகளுக்கு அது தமிழ்நாட்டு மருத்துவமனை இருக்கும் ஊர்.

அதே படிவத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவரது முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்கும் பகுதி உண்டு. இந்தக் குடும்பத்தில் '1945, பசறை' என்று எழுத வேண்டும். இங்கே 'முசிறி' என்று எழுதினால் பாட்டனார் இந்தியாவில் பிறந்தவர் என்றாகிவிடும். பூட்டனாரைப் பற்றிய கேள்வி, தந்தை இலங்கையில் பிறக்காதவராகவும் பூட்டனார் இலங்கையில் பிறந்தவராகவும் இருந்தால் மட்டுமே பொருந்தும். இந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தாது. ஆகவே அதை வெறுமையாக விடுங்கள்.

சமூகம்

தமிழ்நாட்டுப் பாடசாலைப் படிவத்தில் 'சமூகம்' என்பது சாதியையும், அது சேரும் அரசாங்கப் பட்டியலையும் குறிக்கும். இலங்கைப் பிறப்புப் பதிவில் சாதிக்குக் கூடு இல்லை. அங்கே 'இனம்' என்று இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால் 'இனம்' என்ற கூட்டில் சாதிப் பெயரை எழுதிவிடுகிறார்கள். அது பிழை.

தந்தையின் பழைய பிறப்புச் சான்றிதழில் இனம் 'இந்தியத் தமிழர்' என்று இருப்பது வழமை. இதைப் பார்த்து, தான் இந்தியப் பிரஜை என்று பொருளோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி அல்ல. இனம் வேறு, பிரஜாவுரிமை வேறு. 1911 குடிசன மதிப்பீட்டிலிருந்தே மலையகத் தமிழரைத் தனியாகக் காட்டுவதற்கு இந்தச் சொல் பயன்பட்டு வருகிறது. இலங்கைப் பிரஜையான ஒருவரின் சான்றிதழிலும் அது இருக்கலாம். அதேபோல, 'பிரஜாவுரிமை' என்று கேட்கும் இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதாதீர்கள்.

வவுனியாவில் பிறந்த தம்பியின் சான்றிதழில் 'இலங்கைத் தமிழர்' என்றும், பசறையில் பிறந்த அண்ணனுடையதில் 'இந்தியத் தமிழர்' என்றும் இருக்கக்கூடும். பிள்ளையின் பதிவில் பெற்றோர் இருவரின் இனத்தையும் அவரவர் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். மாற்ற விரும்பினால், முதலில் பெற்றோரின் பதிவைத் திருத்துவது பற்றிப் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கேளுங்கள்.

பாதுகாவலர்

இந்த மகளின் மாற்றுச் சான்றிதழில் 'பெற்றோர் / பாதுகாவலர்' என்ற இடத்தில் அம்மாச்சியின் பெயர் இருக்கிறது. தாயும் தந்தையும் வெளியூரில் கூலி வேலைக்குப் போயிருந்தபோது பாடசாலையில் சேர்த்தவர் அவர்தான். அங்கே அந்தச் சொல் கையொப்பமிட்டவரையே குறித்தது. இங்கே 'சட்டபூர்வப் பாதுகாவலர்' என்று கேட்டால், அது நீதிமன்றம் நியமித்தவரைக் குறிக்கும். தாயும் தந்தையும் உயிருடன் இருந்தால் அவர்களுடைய பெயரையே எழுதுங்கள். இறந்திருந்தால் மரணச் சான்றிதழை இணையுங்கள். இரண்டு ஆவணங்களிலும் பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டால், சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, அம்மாச்சி யார், ஏன் கையொப்பமிட்டார் என்பதை விளக்கலாம்.

எழுதுவதற்கு முன்

பாட்டனார், தந்தை, தாய், பிள்ளை ஆகிய ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, சான்றிதழ்களுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். படிவத்தை நிரப்பும்போது அந்தத் தாளைப் பாருங்கள். மாற்றுச் சான்றிதழைப் பார்த்து நிரப்பாதீர்கள். உங்களுக்குப் பொருந்தாத கூட்டை ஏதாவது எழுதி நிரப்ப வேண்டாம். விளங்காவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டபின் எழுதுங்கள்.