இடிமழைக்குப் பின் திறக்காத இணையத்தளம்

ஸ்கூடாயில் இருக்கும் என் அத்தை மகன் சிங்கப்பூர்த் தையல்கடை ஒன்றுக்கு இணையத்தளம் செய்துகொண்டிருக்கிறான். வேலை முடியாத தளம் என்பதால் சர்வர் வாடகைக்கு எடுக்கவில்லை. வீட்டுப் பழைய மடிக்கணினியிலேயே ஓடுகிறது. கடைக்காரர் அங்கிருந்தே பார்த்துத் திருத்தம் சொல்வார். ஒரு மாலை இடிமழையில் மின்சாரம் போய் வந்தது. அதன்பின் அவருக்குத் தளம் திறக்கவில்லை. பாக்கிப் பணமோ அவர் பார்த்து 'சரி' என்ற பிறகுதான்.

மடிக்கணினியில் தளம் நன்றாகவே ஓடியது. கோளாறு வழியில்தான் இருந்தது. நம் வீட்டில் எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ரௌட்டரின் ஒரே முகவரி. உள்ளே யாருக்கு எந்த எண் என்பதை ரௌட்டரே பங்கிடுகிறது. '8080 என்ற வாசலில் யாராவது தட்டினால் 192.168.1.20-க்கு அனுப்பு' என்று அதில் அவன் எழுதி வைத்திருந்தான். இதுதான் 'போர்ட் ஃபார்வர்டிங்'. மின்சாரம் வந்ததும் ரௌட்டர் எண்களைப் புதிதாகப் பங்கிட்டதில் மடிக்கணினிக்கு 192.168.1.23 கிடைத்தது. பழைய எண் வரவேற்பறைத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டது. சிங்கப்பூரிலிருந்து தட்டினால் தொலைக்காட்சியா கதவைத் திறக்கும்?

ரௌட்டரில் 'address reservation' பகுதிக்குப் போய், மடிக்கணினிக்கு எப்போதும் 20 என்று நிரந்தரமாக ஒதுக்கினான். பிறகு கைப்பேசியில் வைஃபையை அணைத்து, டேட்டாவில் சோதித்தான். இது முக்கியம். வீட்டுக்குள் இருந்துகொண்டே வெளிமுகவரியைத் தட்டினால் சில ரௌட்டர்கள் திறக்கும், சில திறக்காது. அந்தச் சோதனையை நம்ப முடியாது.

அப்படியும் திறக்கவில்லை. ரௌட்டரின் 'WAN IP' வரியைப் பார்த்தால், கடைக்காரரிடம் கொடுத்திருந்த எண்ணே அங்கே இல்லை. பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் வெளிமுகவரி இரவல்தான். ரௌட்டர் அணைந்து எழுந்தால் மாறக்கூடும். அதனால் எண்ணுக்குப் பதில் ஒரு பெயரைக் கொடுத்தான். 'டைனமிக் டிஎன்எஸ்' சேவையில் பெயரைப் பதிந்து, அந்த விவரத்தை ரௌட்டரில் நிரப்பினால் போதும். எண் மாறும்போதெல்லாம் ரௌட்டரே தகவல் சொல்லிவிடும். மாறிய பிறகு சில நிமிடங்கள் தளம் திறக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

இதற்கும் மசியாத வீடுகள் உண்டு. 'WAN IP' எண்ணையும், உங்கள் முகவரியைக் காட்டும் ஏதாவதொரு வெளித்தளம் சொல்லும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரௌட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகளுக்குச் சேவை நிறுவனம் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். அடுக்குமாடிக் காவலரே விருந்தாளியைத் திருப்பி அனுப்பும்போது, நம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்து என்ன பயன்? அங்கே டைனமிக் டிஎன்எஸ்ஸும் உதவாது. தனி வெளிமுகவரி தரும்படி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். இல்லாவிட்டால், வீட்டிலிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்தி அதன் வழியே பார்வையாளரை உள்ளே கொண்டுவரும் 'டன்னல்' சேவையை நாட வேண்டும்.

அத்தை மகன் வீட்டில் இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தன. புதிய பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அரைமணி நேரத்தில் கடைக்காரரிடமிருந்து பதில்: ரவிக்கை அளவுப் பட்டியலில் 'கை நீளம்' விட்டுப்போயிருக்கிறதாம்.