வேண்டாம் என்பதை எழுதும் முறை

வேலைக்கு வந்தவரை எடுப்பதில்லை என்ற முடிவு முதலில் அலுவலகத்துக்குள் பேச்சுத் தமிழில்தான் உருவாகிறது. அதை எழுதுபவர் அவசரத்தில் இருக்கிறார், படிப்பவர்கள் தெரிந்தவர்கள், வந்தவர் அந்தக் குழுவில் இல்லை. மனிதவளப் பிரிவில் இருப்பவரின் வேலை, அந்த ஒரு வரியை எடுத்து வந்தவர் படிக்கக்கூடிய மடலாக மாற்றுவது. சொற்களுக்கு மெருகேற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த வேலையில் பெரும்பகுதி, எதை எழுதக்கூடாது என்று கண்டறிவதிலேயே போகிறது.

திருப்பூர்ப் பக்கம் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் பணிக்கு ஆள் எடுப்பதாக வைத்துக்கொள்ளலாம். நேர்காணலோடு டேலியில் சிறு செய்முறைத் தேர்வும் உண்டு. அது முடிந்ததும் கணக்குப் பிரிவு மேலாளர் அலுவலக வாட்ஸாப் குழுவில் இப்படிப் போடுகிறார்:

“வேண்டாங்க. டேலி, ஜிஎஸ்டி எல்லாம் அத்துப்படின்னு ரெஸ்யூம்ல போட்டிருக்காப்ல, பெங்களூரு பில்லக் குடுத்தா முழிக்கிறாப்ல. வயசும் நாப்பத்தஞ்சு ஆச்சு. இதுல முப்பத்திரண்டாயிரம் வேற கேக்கறாப்ல. அடுத்த ஆளப் பாருங்க.”

இதில் மூன்று காரணங்கள் கலந்து கிடக்கின்றன: தேர்வில் நடந்த தவறு, வயது, சம்பளம். மூன்றையும் மரியாதையாகச் சொல்லிவிட முடியும். ஆனால் மூன்றும் உண்மையான காரணங்கள்தானா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை குறிப்பில் இல்லை, எழுதியவரிடம்தான் இருக்கிறது. எனவே மடல் எழுதுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு தேவைப்படுகிறது. அந்தப் பில்லைச் சரியாகப் பதிந்திருந்தால் இவரை எடுத்திருப்பீர்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இங்கே மேலாளர், “எடுத்திருப்பேங்க. சம்பளம் பேசி முடிச்சிருக்கலாம்” என்கிறார். அப்படியானால் சம்பளம் காரணம் இல்லை. எரிச்சலில் வந்து ஒட்டிக்கொண்ட சேர்க்கை. வயதும் அப்படித்தான். இருபத்தெட்டு வயதுக்காரர் அதே தவறைச் செய்திருந்தாலும் முடிவு இதுவே என்று மேலாளர் சொல்லும்போது வயது கழிந்துவிடுகிறது.

வேறு விடை வந்திருந்தால் நிலைமை மோசம். தேர்வு சரியாக இருந்தும் வயதுக்காகத்தான் வேண்டாம் என்று மேலாளர் சொல்லியிருந்தால், அதற்கு நல்ல மடல் என்று ஒன்று கிடையாது. மறுபரிசீலனைக்குப் போக வேண்டியது முடிவு. அமெரிக்காவில் நாற்பதும் அதற்கு மேலும் வயதானவர்களை வயதுக்காக ஒதுக்குவதை 1967ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. இந்தியத் தனியார் துறைக்கு வயதை வைத்து அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. ஆனால் ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்பது 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது. “கல்யாணம் ஆகப்போற பொண்ணு, நிக்காது” என்று குழுவில் எழுதிவிட்டு, “தகுதி பொருந்தவில்லை” என்று மடல் அனுப்புவது பணிவு ஆகாது, மறைப்பு.

மிஞ்சுவது பெங்களூரு பில். “முழிக்கிறாப்ல” என்பது பார்த்தவரின் எண்ணம். நடந்தது என்ன என்று தேர்வுத் தாளைப் பார்த்தால் தெரிகிறது. பில்லின் மதிப்பு 10,000 ரூபாய், வரி 18 விழுக்காடு. விற்றவர் கர்நாடகத்தில், வாங்கியவர் தமிழ்நாட்டில். ஆகவே 1,800 ரூபாய் முழுவதும் ஐஜிஎஸ்டியாகப் பதிவாக வேண்டும். வந்தவர் அதை உள்ளூர்ப் பில்போல சிஜிஎஸ்டி 900, எஸ்ஜிஎஸ்டி 900 என்று பிரித்துவிட்டார். கூட்டுத்தொகை சரியாக வருவதால் கண்ணுக்குத் தப்பிவிடும் தவறு இது. அடுத்த மாதம் ஜிஎஸ்டி தளத்தில் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒப்பிடும்போதுதான், அங்கே ஐஜிஎஸ்டி, இங்கே வேறு என்று இடிக்கும். வெளிமாநிலத்திலிருந்து நித்தமும் சரக்கு வாங்கும் நிறுவனத்துக்கு இது நியாயமான காரணம். வந்தவருக்கும் பயன்படும் செய்தி, ஏனென்றால் திருத்திக்கொள்ளக்கூடியது.

இனி மடலின் அமைப்பு. நன்றி, பாராட்டு, நிறுவனத்தின் பெருமை என்று மூன்று பத்தி ஓட்டிவிட்டு “இருப்பினும்” என்று திரும்பும் பழக்கம் அலுவலகக் கடிதங்களில் ஊறிப்போனது. கெட்ட செய்திக்கு முன் இப்படி மெத்தை போட வேண்டும் என்றே பாடநூல்களும் நெடுங்காலம் சொல்லின. அமெரிக்க ஆய்வாளர் கிட்டி லாக்கர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மறுப்புக் கடிதங்களைப் படித்த மாணவர்களிடம் அந்த மெத்தை குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. வேலை தேடுபவர் முதலில் தேடுவது முடிவைத்தான். அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடலாம்:

“வணக்கம். கணக்கு உதவியாளர் பணிக்காகக் கடந்த செவ்வாய்க்கிழமை நேர்காணலுக்கும் செய்முறைத் தேர்வுக்கும் வந்திருந்தீர்கள். நன்றி. இந்தப் பணிக்கு உங்களை எடுக்க இயலவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

வெளிமாநிலக் கொள்முதல் பில்கள் இந்தப் பணியில் அன்றாடம் வருபவை. தேர்வில் கொடுத்த பெங்களூரு பில்லில் ஐஜிஎஸ்டியாகப் பதிய வேண்டிய வரி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பதிவாகியிருந்தது. எங்கள் முடிவுக்கு இதுவே காரணம். வங்கிக் கணக்குச் சரிபார்ப்பைப் பிழையில்லாமல் செய்திருந்தீர்கள்.

உங்கள் விண்ணப்பத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறோம். நல்ல பணி அமைய வாழ்த்துகள்.”

“உங்களுக்கு ஜிஎஸ்டி தெரியவில்லை” என்பதற்கும் “இந்தப் பில் இப்படிப் பதிவாகியிருந்தது” என்பதற்கும் இடையில் உள்ள தூரம் பெரியது. முன்னது ஆளைப் பற்றிய தீர்ப்பு, அதை நிறுவவும் முடியாது. பின்னது தாளில் இருப்பது. பாராட்டும் அதே மாதிரி தாளில் இருந்து வந்ததாக இருக்க வேண்டும். வங்கிச் சரிபார்ப்பும் தவறியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடலாம். பாராட்டு இல்லாத மடல் ஒன்றும் குறைந்துபோவதில்லை.

எல்லோருக்கும் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ரெஸ்யூமோடு நின்றுபோனவருக்கு முடிவைச் சொல்லும் இரண்டு வரி போதும். நேரில் வந்து அரை நாள் உட்கார்ந்தவருக்குத்தான் காரணம் கடன்பட்டிருக்கிறது.

மடலில் வழக்கமாக வந்து விழும் பொய்கள் சில உண்டு. “உங்களைவிடத் தகுதியானவர் கிடைத்துவிட்டார்” என்று எழுதிய மறுவாரம் அதே பணிக்கு மீண்டும் விளம்பரம் வந்தால் குட்டு உடைகிறது. “வாய்ப்பு வரும்போது அழைக்கிறோம்” என்பதை நம்பி, வேறு வேலையைத் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து உண்மையிலேயே பெயரை எடுத்துப் பார்க்கும் வழக்கம் இருந்தாலொழிய அந்த வரிக்கு இடமில்லை.

மடல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி, அதையும் வாட்ஸாப் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கக்கூடாது. ஐரோப்பிய நிறுவனங்களுக்கு இது வெறும் பயிற்சி இல்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகளின் 15ஆம் பிரிவுப்படி, விண்ணப்பித்தவர் தன்னைப் பற்றிய தகவல்களைக் கேட்டுப் பெறலாம். நேர்காணல் குறிப்பும் உள் உரையாடலும் அதில் அடங்கக்கூடும். அனுப்பிய பிறகு குறிப்பை அழித்துவிடுவது இதற்கு வழி ஆகாது. குழுவிலேயே தொடக்கத்திலிருந்து “பெங்களூரு பில்லில் ஐஜிஎஸ்டி போடவில்லை, வேண்டாம்” என்று எழுதும் மேலாளரிடம் மனிதவளப் பிரிவுக்கு வேலை குறைவு.

மடல் போன பிறகு பதில் வரலாம். “அந்த ஒரு தவறுக்காகவா? மறுபடி தேர்வு எழுத விடுவீர்களா?” என்று கேட்பார்கள். அப்போது புதுக் காரணம் சேர்ப்பது கூடாது. “சம்பளமும் அதிகம் கேட்டீர்கள்” என்று ஒரு வரி போட்டால், முதலில் சொன்னது நொண்டிச் சாக்கு என்றாகிவிடும். அந்தச் சுற்றில் மறுதேர்வு இல்லை என்றால் இல்லை என்று ஒரே வரியில் சொல்லி, அடுத்த முறை விளம்பரம் வரும்போது விண்ணப்பிக்கத் தடை ஏதும் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுவதோடு கடிதப் போக்குவரத்து முடிகிறது.