இரவு இயந்திரமும் அயலவருக்கு ஒரு கடிதமும்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் அமைந்துள்ள விசுவமடுவில் வறட்சிக் காலத்து இரவுகள் அமைதியானவை அல்ல. கிணற்று நீரை நம்பிக் கச்சானும் மிளகாயும் பயிரிட்டோர் நள்ளிரவிலும் நீர் இறைக்கின்றனர். மண்ணெண்ணெயில் இயங்கும் இயந்திரத்தின் ஓசை வேலியைக் கடந்து அடுத்த வீட்டுப் படுக்கையறைக்குள் புகுகின்றது. இந்நிலையில் அயலவரிடம் எவ்வாறு பேசுவது என்பதே இன்று நாம் எடுத்துக்கொள்ளும் விடயமாகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரையான பொழுதை இரவாகக் கொண்டு, பிரதேச சபைப் பகுதிகளில் 45 டெசிபலை எல்லையாக விதித்துள்ளன. ஆயினும் வழக்கு ஒருமுறை தொடங்கிவிட்டால் அதன் முடிவு எவர் கையிலும் இருப்பதில்லை. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி கோரி உயர் நீதிமன்றம் சென்ற வழக்கு, 2007 நவம்பரில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு நாடு முழுவதற்குமான பொதுக் கட்டுப்பாடாக முடிந்ததை நாம் மறந்துவிடலாகாது. வேலியோரப் பிணக்கை அத்துணை தூரம் கொண்டுசெல்லத் தேவையில்லை.

எழுதுவதற்கு முன் அவர் ஏன் இரவில் இறைக்கின்றார் என்பதை அறிதல் வேண்டும். பகலில் இறைத்த கிணறு மீண்டும் ஊறப் பல மணி நேரம் செல்லும். வெயிலில் பாய்ச்சும் நீரில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். பகலில் அவர் கூலி வேலைக்கும் செல்லக்கூடும். இக்காரணங்களைக் கணக்கில் எடாத தீர்வு இரு நாள்கூட நிலைக்காது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையுள்ள ஒரு வீட்டார் பின்வருமாறு எழுதலாம்:

"அன்புள்ள அண்ணா, தங்கள் கச்சான் இம்முறை நன்றாக வந்திருப்பதைக் கண்டு மகிழ்கிறோம். எங்கள் மகளுக்குப் பரீட்சைக்கு இன்னும் ஆறு கிழமைகளே உள்ளன. இரவு 11 மணி முதல் 2 மணி வரை இயந்திர ஓசை அவளது அறையில் கேட்கிறது. கிணறு ஊறும்வரை காத்திருந்தே தாங்கள் அந்நேரத்தில் இறைக்கிறீர்கள் என எண்ணுகிறோம். பாதியை இரவு 8 மணிக்கு முன்னரும் மீதியை அதிகாலை 5 மணிக்குப் பின்னரும் இறைக்க இயலுமா? இயந்திரத்தைக் கிணற்றின் மறுபுறம் வைக்க இசைந்தால் மேலதிகக் குழாயும் மணல் மூட்டைகளும் எங்கள் செலவு. இரு கிழமை பார்ப்போம். பயிருக்கு நீர் போதாவிடில் வேறு வழி பேசுவோம். எங்கள் வீட்டால் தங்களுக்கு இடைஞ்சல் ஏதும் இருப்பின் தயங்காது சொல்லுங்கள்."

இக்கடிதத்தில் நேரமும் இடமும் கூறப்பட்டுள்ளன, குற்றம் கூறப்படவில்லை. "தூக்கத்தைக் கெடுக்கிறீர்கள்" என்றால் அவர் தம்மைக் காத்துக்கொள்ளவே முனைவார். "அறையில் கேட்கிறது" என்பதை மறுக்க இடமில்லை. சட்டத்தின் இரவு மாலை 6 மணிக்கே தொடங்குவதால், கேட்டிருப்பது சட்டம் தருவதைவிடக் குறைவு. அதைச் சுட்டிக்காட்டாமல் விட்டதே இக்கடிதத்தின் பண்பு.

இயந்திரத்தை இடம் மாற்றுவதில் கவனம் தேவை. கிணற்றிலிருந்து நீரை உறிஞ்சும் குழாயை அதிகம் நீட்டினால் நீர் ஏறாது. ஆகவே இயந்திரத்தைக் கிணற்றங்கரையிலேயே மறுபுறம் வைத்து, தோட்டத்துக்குச் செல்லும் குழாயை மட்டும் நீட்ட வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஓசை ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அது காதுக்குப் புலப்படும் குறைவே எனினும் போதுமானதன்று. எனவே அறை யன்னலுக்கும் இயந்திரத்துக்கும் இடையே, இயந்திரத்தை மறைக்கும் உயரத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்க வேண்டும். யன்னலிலிருந்து பார்க்கையில் இயந்திரம் தெரிந்தால் மறைப்பு போதாது என்று பொருள். இயந்திரத்தை முற்றாக மூடிவிடுதல் ஆகாது. அது சூடேறிப் பழுதடையும். மூடிய இடத்தில் தங்கும் புகை உயிருக்கும் ஆபத்தாகும். புகைக்குழல் உடைந்திருப்பின் வேறெதையும் செய்வதற்கு முன் அதை மாற்றுவதே முறை.

கடிதத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாது, மாலையில் நேரிற் சென்று கொடுப்பதே சிறந்தது. ஓசை கேட்டுச் சினந்திருக்கும் நள்ளிரவில் வேலியருகே நின்று பேசுதல் தகாது. இரு கிழமைகளின் பின்னரும் மாற்றமில்லையெனில், 1988 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையை நாடலாம். அங்கு தீர்ப்பு வழங்கப்படுவதில்லை. இரு தரப்பும் இணங்கினால் மட்டுமே உடன்பாடு எழுதப்படும். அவ்வேளையில் இக்கடிதத்தின் பிரதியொன்று கையில் இருப்பின், எவர் என்ன கேட்டார் என்பதில் ஐயம் எழாது.

போருக்குப் பின் மீண்டும் குடியேறிய இம்மண்ணில் கிணறு ஊறாத நாளில் ஒரு குடம் நீருக்குச் செல்வதும் அதே அயல்வீட்டுக்குத்தான். அந்த வாயிலை மூடாமல் எழுதுவதே அறிவுடைமையாகும்.