ராகு காலம் பார்க்க வந்தவருக்கு எத்தனை விளம்பரம்? - செயலிகளில் அளவு வைப்பது எப்படி?

காலையில் ராகு காலம் எப்போது என்று பார்க்க, மொபைலில் நாள்காட்டி செயலியைத் திறக்கிறீர்கள். திறந்ததுமே திரை முழுக்க ஒரு விளம்பரம். அதை மூடிவிட்டு ‘நாளை’ என்ற பட்டனைத் தொட்டால் இன்னொன்று. ‘போதும்டா சாமி, சுவத்துல தொங்குற காலண்டரே மேல்’ என்று செயலியையே நீக்கிவிடுகிறோம்.

ஆனால், அந்தச் செயலியை இலவசமாகத் தருபவருக்கும் செலவு இருக்கிறது. விளம்பரமே வேண்டாம் என்றால் அவருக்குக் கட்டுப்படியாகாது. அப்படியானால் எங்கே காட்டுவது, எத்தனை முறை காட்டுவது? ஒரு நாள்காட்டி செயலியையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

எங்கே காட்டலாம்?

திரையின் அடியில் சின்னதாக நிற்கும் பேனர் விளம்பரம் பெரிய தொந்தரவு இல்லை. பட்டன்களுக்கு ஒட்டி வைக்காமல் இருந்தால் சரி. ‘இந்த வீடியோவைப் பார்த்தால் இது கிடைக்கும்’ என்று கேட்டுவிட்டுக் காட்டும் விளம்பரத்திலும் சிக்கல் குறைவு. பார்ப்பதா வேண்டாமா என்பது பயனர் கையில். கோபம் வருவதெல்லாம் ‘இன்டர்ஸ்டீஷியல்’ எனப்படும் முழுத்திரை விளம்பரத்தால்தான்.

இதற்கான இடம், ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்காத இடைவெளி. விளையாட்டுச் செயலியில் ஒரு லெவல் முடிந்து மதிப்பெண் தெரிந்த பிறகு அந்த இடைவெளி கிடைக்கிறது. நாள்காட்டியில் அப்படி எளிதாகக் கிடைக்காது. வந்தவர் அரை நிமிடத்தில் போய்விடுவார். தேடினால் ஓர் இடம் உண்டு. முகூர்த்த நாள் பட்டியலைத் திறந்து, ஒரு தேதியின் விவரத்தைப் படித்து முடித்து, திரும்பப் பட்டியலுக்கு வரும் நேரம். அவர் தேடி வந்தது அதற்குள் கிடைத்துவிட்டது. செயலி திறக்கும்போதும், ‘நாளை’ பட்டனைத் தொடும்போதும் காட்டக்கூடாது. அவர் கேட்டது வேறு, வருவது வேறு.

கூகுள் பிளேயின் விதியும் இதைத்தான் சொல்கிறது. 2022 செப்டம்பர் 30 முதல், பயனர் வேறொன்றைச் செய்ய முனையும்போது எதிர்பாராமல் முழுத்திரை விளம்பரம் காட்ட அனுமதியில்லை. 15 நொடிக்குப் பிறகும் மூட முடியாத விளம்பரமும் கூடாது. பயனரே விரும்பிப் பார்க்கும் பரிசு விளம்பரங்களுக்கு விலக்கு உண்டு.

எத்தனை காட்டலாம்?

எல்லாச் செயலிக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. நம் நாள்காட்டிக்கு இப்படித் தொடங்கலாம்: செயலியை நிறுவிய முதல் நாளில் முழுத்திரை விளம்பரமே இல்லை. அதன் பிறகு இரண்டு விளம்பரங்களுக்கு இடையே குறைந்தது 10 நிமிடம். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 2.

கூகுளின் அட்மாப் மூலம் விளம்பரம் பெறுபவர்கள், விளம்பர அலகின் அமைப்புகளில் Frequency capping என்ற இடத்தில் இந்த வரம்பைக் கொடுக்கலாம். ஒரு பயனருக்கு இத்தனை நிமிடத்தில் இத்தனை முறை என்று போட்டால் போதும்.

‘போட்டாச்சு, அப்புறமும் அடுத்தடுத்து வருதே?’ என்று பலர் குழம்புவார்கள். காரணம் எளிது. அலகுக்கு வைக்கும் வரம்பு அந்த ஓர் அலகை மட்டுமே கட்டுப்படுத்தும். முகூர்த்தப் பக்கத்துக்கு ஓர் அலகு, ராசிபலன் பக்கத்துக்கு இன்னொன்று என்று இருந்தால், இரண்டும் தனித்தனியாக வரம்புக்குள்தான் இருக்கும். பார்ப்பவருக்கோ ஒரே நிமிடத்தில் இரண்டு விளம்பரம்.

எனவே செயலிக்குள்ளேயே பொதுவான ஒரு கணக்கு வேண்டும். கடைசி முழுத்திரை விளம்பரம் மூடப்பட்ட நேரம், இன்று காட்டிய எண்ணிக்கை ஆகிய இரண்டையும் போனிலேயே சேமித்து வையுங்கள். எந்தப் பக்கம் விளம்பரம் காட்ட நினைத்தாலும் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். சேமிக்காமல் விட்டால், செயலியை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். நாள்காட்டியை ஒருவர் தினமும் ஐந்தாறு முறை திறப்பார் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கே தவறு நடக்கிறது?

முதலாவது, தாமதமாக வரும் விளம்பரம். பயனர் பட்டியலுக்குத் திரும்பியதும் விளம்பரத்தைக் கேட்டு வாங்கத் தொடங்கினால், அது வந்து சேர இரண்டு மூன்று நொடி ஆகும். அதற்குள் அவர் வேறொரு தேதியைத் தொடப் போயிருப்பார். விரல் விளம்பரத்தில் படும். இப்படித் தவறுதலாக விழும் கிளிக்குகள் அதிகமானால், கணக்குக்கு விளம்பரம் வழங்குவதையே அட்மாப் குறைத்துவிடலாம். தீர்வு: விளம்பரத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். அந்த நொடியில் தயாராக இல்லையா, விட்டுவிடுங்கள், காத்திருந்து காட்டாதீர்கள். வாங்கி ஒரு மணி நேரம் தாண்டிய விளம்பரம் காலாவதி, புதிதாக வாங்க வேண்டும்.

இரண்டாவது, ‘ஆப் ஓப்பன்’ விளம்பரம். செயலி மீண்டும் முன்னுக்கு வரும்போது இது தோன்றும். பயனர் ஒரு விளம்பரத்தைத் தொட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறார் என்றால், அதையும் ‘மீண்டும் திறந்தார்’ என்றே செயலி எடுத்துக்கொள்ளும். விளைவு, விளம்பரத்திலிருந்து வந்தவருக்கு வாசலிலேயே இன்னொரு விளம்பரம். இதையும் அதே பொதுக் கணக்குக்குள் கொண்டு வருவதுதான் வழி.

வருமானம் குறையாதா?

முதலில் குறையும். அதனால்தான் பலர் தப்புக் கணக்கு போடுகிறார்கள். புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். தினமும் 10,000 பேர் வருகிறார்கள். 1,000 முறை காட்டினால் 50 ரூபாய். ஆளுக்கு 5 விளம்பரம் காட்டினால் முதல் நாள் 2,500 ரூபாய், 2 காட்டினால் 1,000 ரூபாய். புதிதாக வருபவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

5 காட்டும்போது தினமும் 100-க்கு 3 பேரும், 2 காட்டும்போது 200-க்கு ஒருவரும் விலகுகிறார்கள் என்று கொள்வோம். ஏறக்குறைய 36-வது நாளில் இரண்டு பக்கமும் தினசரி வருமானம் சமமாகிவிடும். மொத்த வருமானம் சமமாக 100 நாட்களுக்கு மேல் ஆகும். அப்போது 5 காட்டியவரிடம் 500 பேர்கூட மிச்சமில்லை. 2 காட்டியவரிடம் 6,000 பேர் இருக்கிறார்கள். முதல் மாத அறிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுத்தவருக்கு இது தெரியவே தெரியாது.

நிஜத்தில் விலகும் வேகம் செயலிக்குச் செயலி மாறும். அதை நீங்கள்தான் அளந்து பார்க்க வேண்டும். வரம்பு எண்களை ஃபயர்பேஸ் ரிமோட் கான்ஃபிக்கில் வைத்தால், புது அப்டேட் வெளியிடாமலேயே மாற்றலாம். பாதிப் பேருக்கு 2, மீதிப் பேருக்கு 3 என்று கொடுத்து நான்கு வாரம் விடுங்கள். அன்றைய வருமானத்தை மட்டும் பார்க்காமல், நிறுவி 7-வது நாளிலும் 28-வது நாளிலும் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று பாருங்கள். இடையில் கிளிக் விகிதம் திடீரென எகிறினால் சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலும் அது தவறுதலாகப் பட்ட விரல். விளம்பரம் எந்த இடத்தில் தோன்றுகிறது என்று முதலில் போய்ப் பாருங்கள்.